ஊர்க்கோயில் தலைவரின் புத்தாண்டு வேண்டுதல்: காணொளிக்கு உரை எழுதும் முறை

யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றின் பிள்ளையார் கோயில், அறங்காவலர் சபைத் தலைவர், சித்திரைப் புத்தாண்டு. பார்க்கப்போகும் குடும்பங்கள் ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோ, சிட்னி, தமிழ்நாடு என்று பிரிந்து கிடக்கின்றன. அவர்களுக்கு மூன்றரை முதல் நான்கு நிமிடக் காணொளி ஒன்று போக வேண்டும். அதற்கான உரையை எழுதித் தரும் பொறுப்பு உங்களுக்கு வந்திருக்கிறது என்று வைத்து இந்த வழிகாட்டி எழுதப்பட்டிருக்கிறது.

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வணக்கத்தில் தொடங்கி, விருந்தினர் பெயர்களையும் கோயில் திருப்பணிகளையும் சொல்லி, கடைசி இரண்டு வரியில் வேண்டுதலைச் செருகுவார்கள். வருவது ஒரு கூட்ட உரை. கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது, வேண்டுதலைத்தான் முதலில் எழுத வேண்டும்.

## 1. பேனா எடுக்குமுன் சேர்க்க வேண்டியவை

நான்கு விடயங்கள் கையில் இல்லாமல் எழுத உட்காராதீர்கள்.

முதலாவது, கோயில் பின்பற்றும் பஞ்சாங்கம் எது என்பது. வாக்கியமும் திருக்கணிதமும் வருடப் பிறப்புக்கு வேறு வேறு நேரம் தரும். எந்த நேரத்தைச் சொல்வது என்பதை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது, கோயில் குருக்களிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, வருடத்தின் பெயர். 2026 பராபவ, 2027 பிலவங்க. 2021 பிலவ. பழைய உரையை எடுத்துத் திருத்துகிறவர்கள் பிலவவையும் பிலவங்கவையும் மாற்றி எழுதிவிடுகிறார்கள், தலைவரும் எழுதியதை அப்படியே வாசித்துவிடுகிறார். பெயரை மட்டும் சொன்னால் போதும். பராபவ என்றால் தோல்வி, குரோதி என்றால் கோபம் கொண்டது என்று பொருள் சொல்லப் போனால் வேண்டுதல் சோதிடமாகிவிடும்.

மூன்றாவது, கடந்த வருடப் பிறப்புக்குப் பின் ஊர்க் குடும்பங்களில் நடந்த இழப்புகளின் பட்டியல். நாடுதோறும் உள்ள ஊர்ச் சங்கச் செயலாளர்களிடம் கேட்டு வாங்குங்கள். பெயரை வாசிப்பதற்காக இதைக் கேட்கவில்லை. எந்த வீடுகளில் கொண்டாட்டம் இல்லை என்று தெரிந்துகொண்டு எழுதுவதற்கே இது தேவை.

நான்காவது, தலைவரின் குரல். அவர் ஊர்க் கூட்டத்தில் பேசிய ஐந்து நிமிட ஒலிப்பதிவு ஏதாவது இருந்தால் கேளுங்கள். கடவுளை எப்படி விளிக்கிறார், எங்கே மூச்சு எடுக்கிறார், 'நாங்கள்' என்கிறாரா 'நாம்' என்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உரையில் உங்கள் குரல்தான் இருக்கும்.

## 2. நேரத்தைக் கணக்குப் போட்டு, நேரச் சொற்களை எடுத்துவிடுங்கள்

வருடப் பிறப்பு உலகம் முழுவதற்கும் ஒரே கணம். ஆனால் அந்தக் கணம் எல்லா நாட்டிலும் ஒரே தேதியில் விழாது. ஊரில் ஏப்ரல் 14 அதிகாலை 2.00 மணிக்கு வருடம் பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது சிட்னியில் 14ஆம் தேதி காலை 6.30. பாரிஸ், சூரிச், ஒஸ்லோவில் 13ஆம் தேதி இரவு 10.30. லண்டனில் 13 இரவு 9.30. ரொறன்ரோவில் 13ஆம் தேதி மாலை 4.30.

இதில் அடிக்கடி நடக்கும் பிழை, குளிர்கால வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடுவது. ஏப்ரல் நடுவில் கனடாவும் ஐரோப்பாவும் கோடை நேரத்துக்கு மாறியிருக்கும். சிட்னி அதே மாதத்தின் முதல் ஞாயிறன்று கோடை நேரத்திலிருந்து திரும்பியிருக்கும். அதனால் ரொறன்ரோ ஊரைவிட 9½ மணி பின், லண்டன் 4½ மணி பின், சிட்னி 4½ மணி முன். தைப்பொங்கலுக்குப் போட்ட கணக்கு இதற்கு உதவாது.

விஷு புண்ணியகாலம் பிறப்புக்கு நான்கு மணி முன்னும் நான்கு மணி பின்னுமாக எட்டு மணி நேரம். மேலே சொன்ன கணக்கில் ரொறன்ரோக் குடும்பம் மருத்துநீர் வைத்து முழுகும் நேரம் 13ஆம் தேதி மதியம் 12.30 முதல் இரவு 8.30 வரை. ஊர் நேரத்தை மட்டும் காணொளியில் சொன்னால் அவர்கள் அடுத்த நாள் காத்திருப்பார்கள். ஆறு நாட்டு நேரத்தையும் வாசித்தால் அது வானொலி அறிவித்தலாகிவிடும். நேரங்களைத் தனிப் படமாக்கி அனுப்பிவிட்டு, உரையிலிருந்து அவற்றை முழுவதும் எடுத்துவிடுவதே நல்லது. அங்குள்ள கோயில் வேறு நேரம் அறிவித்திருந்தால் அந்தக் குடும்பங்கள் அதைப் பின்பற்றட்டும், தலைவர் அதற்குள் போக வேண்டியதில்லை.

பிறகு எழுதியதில் 'இன்று', 'காலை வணக்கம்', 'நேற்றோடு முடிந்த', 'நாளை' ஆகிய சொற்களைத் தேடி அழியுங்கள். 'இளவேனில்' என்ற சொல்லையும் பாருங்கள், சிட்னியில் அது இலையுதிர் காலம்.

## 3. வேண்டுதலை முதலில் எழுதுங்கள்

ஒரு வேண்டுதலுக்கு ஒரு வாக்கியம். அதற்குள் யாருக்கு, அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள், என்ன கேட்கிறோம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். 'சகல சௌபாக்கியங்களும் பெற்று வாழ' என்ற வரியில் இந்த மூன்றும் இல்லை, அதனால் கேட்கிறவர் தன்னை அதற்குள் காணமாட்டார். 'இரவு வேலைக்குப் போற எங்கட பிள்ளையள் விடியச் சுகமாய் வீடு வந்து சேர வேணும்' என்றால், சூரிச்சில் உணவகம் பூட்டிவிட்டு வருகிறவர் அது தன்னைச் சொல்கிறது என்று அறிவார்.

ஐந்து வேண்டுதலுக்கு மேல் போகாதீர்கள். ஆறாவதில் கேட்கிறவர் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார். ஒவ்வொன்றுக்கும் பின் நான்கு விநாடி மௌனம் விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் வீட்டில் இருக்கிறவர் தன் வேண்டுதலைச் சேர்த்துக்கொள்வார். உரையில் அதை [4 விநாடி] என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் தலைவர் அடுத்த வரிக்குப் போய்விடுவார், படத்தொகுப்பாளரும் மௌனத்தைப் பிழை என்று நினைத்து வெட்டிவிடுவார்.

வேண்டுதல் மறைமுகக் கண்டிப்பாக மாறுவதைக் கவனியுங்கள். 'எங்கள் பிள்ளைகள் தமிழை மறக்காதிருக்க அருள்புரிவாய்' என்பது எழுதுகிறவருக்குப் பிரார்த்தனை. ஒஸ்லோவில் பிறந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது எல்லார் முன்னிலையிலும் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு. அந்தப் பிள்ளைக்கு உண்மையில் தேவையானதைக் கேளுங்கள். ஏப்ரலில் பல நாடுகளில் சோதினை நெருங்கும் காலம், அதைக் கேட்கலாம்.

நிதி பற்றிய ஒரு சொல்லும் வேண்டாம். 'கும்பாபிஷேகம் இனிதே நிறைவேற' என்று வேண்டுதலாகச் சொன்னாலும் எல்லாருக்கும் அது விளங்கும், முன்னால் கேட்ட நான்கு வேண்டுதலும் அதற்கான முன்னுரை போல ஆகிவிடும். திருப்பணிச் செய்திக்கு இரண்டு வாரம் கழித்துத் தனிக் கடிதம் போகட்டும்.

## 4. இறந்தவர்களும் தேடப்படுகிறவர்களும்

இந்தப் பகுதியை எழுதும்போது அவசரப்படாதீர்கள். ஒரு சொல் தவறினால் ஒரு குடும்பம் அடுத்த வருடம் காணொளியைத் திறக்காது.

ஆட்டைத் திவசம் முடியாத வீடுகளில் புத்தாண்டு கொண்டாட்டம் இல்லை. 'எல்லோர் இல்லங்களிலும் மகிழ்ச்சி பொங்கட்டும்' என்ற வரி அவர்களை வெளியே நிறுத்துகிறது. வாழ்த்துக்கு முன்பே அந்த வீடுகளை நினைத்து ஒரு வரியும், பத்து விநாடி மௌனமும் வையுங்கள். பெயர்களை வாசிக்க வேண்டாம். பட்டியல் எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் ஒருவர் விடுபடுவார், அந்த வீட்டுக்கு அது ஆறாது.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இன்னொரு நிலையில் இருக்கின்றன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தாய்மார் 2017 முதல் வீதியோரம் இருந்து கேட்பது, பிள்ளை எங்கே என்ற பதில். அவர்களை இறந்தவர்களுக்கான மௌனத்துக்குள் சேர்த்தால், பதில் வருமுன் நாம் தீர்ப்பு எழுதியதாகும். 'ஆத்மசாந்தி' என்ற சொல் அவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. மௌனம் முடிந்து, தனி வரியாக, 'தேடிக்கொண்டு இருக்கிற குடும்பங்கள்' என்று நிகழ்காலத்தில் சொல்லுங்கள். கேட்க வேண்டியது அவர்கள் கேட்பதையே: பதில்.

இந்த இரண்டு வரியையும் பதிவுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு வீட்டாருக்கு வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். சபைக் கூட்டத்தில் வாசித்து ஒப்புதல் வாங்குவது இதற்கு ஈடாகாது.

## 5. நாடுகளின் பட்டியல் வேண்டாம்

'கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ்' என்று தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. விடுபடுவது பெரும்பாலும் தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இருக்கிற குடும்பங்களும், ஊரிலேயே இருக்கிறவர்களும்தான். வரிசையும் பேச்சாகும், யாருக்கு முதலிடம் என்று.

'எந்த நாட்டிலை இருந்தாலும்' என்ற ஒரே சொல்லாடல் போதும், மற்றதை வேண்டுதல்களில் வரும் நிலைகளே சொல்லிவிடும். தனி ஆட்களின் பெயரையும், யார் எங்கே இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டாம். அகதி வழக்கு முடியாத ஒருவரின் இருப்பிடம் பொதுவில் போகும் காணொளியில் வருவது அவருக்கு ஆபத்தாகலாம். திருவிழாக் கூட்டத்தின் பழைய படங்களைச் சேர்ப்பவர்களும் இதைப் பார்க்க வேண்டும்.

ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருந்து, பேசுகிறவர் கோயில் தலைவராக அல்லாமல் ஊர்ச் சங்கத் தலைவராக இருந்தால் விளிப்பு 'இறைவா' என்று மாற வேண்டும், முடிவில் பாடலுக்குப் பதில் மௌனம் வர வேண்டும். கோயில் தலைவரே பேசினால் அப்படி மழுப்ப வேண்டாம், பிள்ளையாரைப் பிள்ளையார் என்றே அழைக்கலாம்.

## 6. வாய்க்கு ஏற்ற வாக்கியம்

வயதான ஒருவர் நிதானமாகக் கும்பிட்டபடி பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 சொல். உங்கள் தலைவருக்கு எவ்வளவு என்று ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி அளந்து பாருங்கள். மௌனங்களுக்கும் பாடலுக்கும் ஒன்றரை நிமிடம் போகும். ஆக, பேச்சு 180 சொல்லுக்குள் முடிய வேண்டும். முதல் வரைவு எப்போதும் 400 சொல் வரும், அதைச் சுருக்கினால்தான் மௌனத்துக்கு இடம் கிடைக்கும்.

தலைவர் ஊரில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். 'கதைக்கிறேன்' என்று அச்சில் இருந்தால் அவர் வாசிக்கும் குரல் வரும், 'கதைக்கிறன்' என்றிருந்தால் பேசும் குரல் வரும்.

வாக்கியம் பன்னிரண்டு சொல்லைத் தாண்ட வேண்டாம். மூச்சு அதற்கு ஒரு காரணம், கீழ்வரி மொழிபெயர்ப்பு இன்னொன்று. பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், நோர்வேஜியன் எழுத்து ஓட வேண்டும். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் நீண்ட வாக்கியத்தின் முதல் பாதியைத் தனியே மொழிபெயர்க்க முடியாது. எழுத்து பிந்தி வரும், அல்லது தலைவர் சொல்லாததை முந்திச் சொல்லிவிடும்.

## 7. முழு உரை

2027க்கு எழுதிய ஒரு மாதிரி. அடைப்புக்குள் இருப்பவை படப்பிடிப்புக் குறிப்புகள்.

[12 விநாடி. நிறைகுடம். குத்துவிளக்கு ஏற்றும் கை. கோயில் மணி. பேச்சு இல்லை]

எல்லாருக்கும் வணக்கம். எங்கட பிள்ளையார் கோயில் முன்வாசலிலை இருந்து கதைக்கிறன். பிலவங்க வருசம் பிறக்குது. நீங்கள் எந்த நாட்டிலை இருந்தாலும், கொஞ்ச நேரம் என்னோடை இருங்கோ. பக்கத்திலை இருக்கிறவையையும் கூப்பிடுங்கோ. விளக்கு இருந்தால் கொளுத்துங்கோ, இல்லாட்டிலும் பரவாயில்லை.

[தெற்கு வீதி, கேணி]

கேணியிலை தண்ணி கொஞ்சம் வத்தியிருக்கு. தெற்கு வீதி வேப்பமரம் பூத்துக் கிடக்குது. ரெண்டு நேரப் பூசையும் தவறாமல் நடக்குது.

[தலைவர் முகம்]

ஆட்டைத் திவசம் முடியாத வீடுகளை முதல்லை நினைப்பம். அந்த வீடுகளுக்காகக் கொஞ்சம் மௌனமாய் இருப்பம்.

[10 விநாடி. விளக்குச் சுடர்]

தேடிக்கொண்டு இருக்கிற குடும்பங்களும் எங்களோடை இருக்கினம். அவை கேக்கிற பதில் கிடைக்க வேணும்.

[4 விநாடி]

இனிக் கையைக் கூப்புவம். அப்பனே பிள்ளையாரே.

இரவு வேலைக்குப் போற எங்கட பிள்ளையள் விடியச் சுகமாய் வீடு வந்து சேர வேணும். [4 விநாடி]

வழக்குக்கும் விசாவுக்கும் பதில் பாத்திருக்கிறவைக்கு நல்ல பதில் வர வேணும். [4 விநாடி]

சோதினை எழுதுற பிள்ளையளுக்கு நிம்மதியான நித்திரையும் தெளிவான மனசும் வேணும். [4 விநாடி]

ஊரிலை தனிய இருக்கிற அம்மா அப்பாமாருக்கு மருந்தும் துணையும் குறையக் கூடாது. [4 விநாடி]

வருத்தத்திலை படுத்திருக்கிறவைக்கு வலி குறைய வேணும். [4 விநாடி]

நான் சொல்லாமல் விட்டதை நீங்கள் மனசுக்குள்ளை கேளுங்கோ.

[8 விநாடி. கூப்பிய கைகள்]

இப்ப எல்லாரும் சேந்து 'வான்முகில்' பாடுவம்.

[35 விநாடி. ஊர்ச் சிறுவர் பாடுகிறார்கள். பாடல் வரி தமிழிலும் ஆங்கில எழுத்திலும்]

நமப் பார்வதி பதயே!

[4 விநாடி. யாரும் பதில் சொல்லக் கூடாது]

எல்லாருக்கும் புதுவருச வாழ்த்துகள். சுகமாய் இருங்கோ.

'வான்முகில் வழாது பெய்க' வாழ்த்து இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. பூசை முடிவில் கேட்டுப் பழகியதால் மூன்று தலைமுறைக்கும் அது தெரிந்திருக்கும், மொழி தடுமாறும் பிள்ளையும் சேர்ந்து பாடலாம். அதன் பிறகு வரும் நான்கு விநாடியில் கோயில் பக்கத்திலிருந்து யாரும் 'அரகர மகாதேவா' என்று சொல்லிவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸில் ஒரு வீட்டு வரவேற்பறையிலிருந்து அந்தப் பதில் வர வேண்டும், இங்கேயே சொல்லிவிட்டால் அவர்கள் வெறும் பார்வையாளர் ஆகிவிடுவார்கள்.

வாழ்த்து கடைசியில் ஒரே வரியாக நிற்பதையும் கவனித்திருப்பீர்கள். துக்க வீட்டை நினைத்த பிறகு சொல்லும் வாழ்த்து யாரையும் உறுத்தாது.

## 8. பதிவு நாள்

ஏப்ரல் முதல் வாரத்தில் பதிவு செய்யுங்கள். மொழிபெயர்ப்புக்கு ஐந்து நாளாவது வேண்டும். நிறைகுடமும் விளக்கும் அன்றே புதிதாக வைக்க வேண்டும் என்பதால் முதல் நாளே மாவிலை, தேங்காய், எண்ணெய்க்குச் சொல்லி வையுங்கள். மூலஸ்தானத்தைப் படம் எடுக்க வேண்டாம், முன்வாசலே போதும்.

பூசை நேரத்துக்கு வெளியே, காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் எடுத்தால் வெயில் மென்மையாக இருக்கும், ஒலிபெருக்கியும் ஓயும். சட்டையில் குத்தும் சிறு ஒலிவாங்கி கட்டாயம். கைபேசியை ஆறடி தள்ளி வைத்து அதன் ஒலிவாங்கியை நம்பினால், காகமும் காற்றும் கேட்கும், தலைவர் கேட்கமாட்டார். முதல் ஒரு நிமிடத்தை எடுத்துக் காதில் போட்டுக் கேட்டபின் மீதியைத் தொடருங்கள்.

உரையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, ஒரு தாளில் ஒரு பகுதி மட்டும் வைத்து, கண் மட்டத்தில் ஒருவர் பிடிக்கட்டும். ஒவ்வொரு பகுதியையும் தனியே பதிவு செய்யலாம். வேண்டுதல் ஐந்தையும் மட்டும் ஒரே மூச்சில், வெட்டாமல் எடுக்க வேண்டும். நடுவில் வெட்டினால் குரலின் தணிவு மாறுவது கேட்கும். மௌனத்தின்போது கமராவுக்குப் பின்னால் நிற்பவர் விரலால் நான்கு எண்ணிக் காட்டினால் தலைவர் தடுமாறமாட்டார்.

## 9. அனுப்பும் முறை

குடும்பமாகத் தொலைக்காட்சியில் பார்ப்பார்கள் என்பதால் கைபேசியை அகலவாட்டில் பிடித்து எடுத்திருக்க வேண்டும். காணொளியை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறையும். கோப்பாக அனுப்புங்கள், அல்லது யூடியூபில் ஏற்றி இணைப்பை அனுப்புங்கள்.

கை மாறி வந்த செய்தியை வட்ஸ்அப் ஒரே தடவையில் ஐந்து உரையாடலுக்கு மேல் அனுப்ப விடாது, பலமுறை கை மாறியதை ஒன்றுக்கு மட்டுமே விடும். அதனால் தலைவர் ஒரு குழுவில் போட்டுவிட்டுப் பரவும் என்று காத்திருப்பது சரிவராது. ஒவ்வொரு நாட்டுச் செயலாளரிடமும் அந்த நாட்டு மொழி எழுத்து ஓடும் பதிப்பை இரண்டு நாள் முன்பே கொடுத்து, அவரவர் தங்கள் குழுவில் நேரடியாக ஏற்றச் சொல்லுங்கள். வெளியிடும் கணம் ஒவ்வொரு ஊருக்கும் வேறு. இரண்டாம் பகுதியில் போட்ட கணக்குப்படி சிட்னிக் குடும்பம் காலையில் முழுகி வந்தபின் பார்க்கலாம். பாரிஸ் குடும்பங்களுக்குப் பிறப்பு இரவு பத்தரைக்கு விழுவதால், பிள்ளைகள் படுக்குமுன் எட்டு மணிக்கே அனுப்பிவிடுவது நல்லது, அப்போது புண்ணியகாலம் தொடங்கியிருக்கும். ரொறன்ரோவில் மாலை ஆறுக்கு மேல், வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பியபின் அனுப்புங்கள்.